பிறந்தபோது ஓர் இனம், இறந்தபோது வேறு இனம்

அமெரிக்காவில் 1983 முதல் 1985 வரை பிறந்து, முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்துபோன குழந்தைகளின் ஆவணங்களை ராபர்ட் ஹான் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் எடுத்து வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு தாள்கள். ஒன்று பிறப்புச் சான்றிதழ், மற்றது இறப்புச் சான்றிதழ். இரண்டிலும் ‘இனம்’ என்றொரு கட்டம் உண்டு. ஒரு வருடத்துக்குள் எழுதப்பட்ட இரண்டு தாள்களிலும் அந்தக் கட்டத்தில் ஒரே விடைதான் இருக்க வேண்டும்.

பிறப்பின்போது வெள்ளையர் என்று பதிவான குழந்தைகளில் சுமார் 1 சதவீதத்தினருக்கு இறப்பின்போது இனம் மாறியிருந்தது. கறுப்பினக் குழந்தைகளில் 4 சதவீதத்தினருக்கு. இந்த இரண்டிலும் சேராத பூர்வகுடி, ஜப்பானிய, பிலிப்பினோ போன்ற குழந்தைகளில் 43 சதவீதத்தினருக்கு இனம் மாறியிருந்தது. மாறியவர்களில் பெரும்பாலோர் வெள்ளையராக இறந்திருந்தார்கள். ஆய்வு 1992இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானபோது, பொதுச் சுகாதாரக் கணக்கு எழுதுபவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

குழந்தைகளிடம் எந்த மாற்றமும் நிகழவில்லை. கட்டத்தை நிரப்பிய கைதான் வேறு. பிறப்பின்போது தாய் தன் இனத்தையும் தகப்பனின் இனத்தையும் சொல்வார். அதை வைத்துக் குழந்தையின் இனத்தை முடிவு செய்ய அரசின் புள்ளிவிவர அலுவலகத்தில் அப்போது ஒரு விதி இருந்தது: பெற்றோரில் ஒருவர் மட்டும் வெள்ளையர் என்றால், குழந்தைக்கு மற்றவரின் இனம். (1989இலிருந்து இந்த விதியைக் கைவிட்டு, தாயின் இனத்தை வைத்தே பிறப்புகளைத் தொகுத்தார்கள்.) இறப்புச் சான்றிதழில் மருத்துவர் எழுதுவது மரணத்தின் காரணத்தை. இனம், கல்வி, தொழில் போன்ற விவரங்களை நிரப்புபவர் இறுதிச்சடங்கு நிலையத்தின் பொறுப்பாளர். அவர் குடும்பத்தினரிடம் கேட்டு எழுத வேண்டும் என்பது விதி. பிள்ளையைப் பறிகொடுத்து நிற்பவர்களிடம் ‘நீங்கள் என்ன இனம்?’ என்று கேட்க எல்லோருக்கும் நாக்கு எழுவதில்லை. பார்த்தால் தெரிகிறதே என்று எழுதிவிடுவதும் நடக்கும்.

ஆக, முதல் தாளில் இருப்பது ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னது. இரண்டாவது தாளில் பல சமயம் இருப்பது இன்னொருவர் கண்ணால் கண்டு முடிவு செய்தது. ஒரு தனிமனிதரின் வாழ்க்கையில் இந்த வேறுபாடு வெறும் எழுத்துப் பிழையாகத் தோன்றலாம். ஒரு சமூகத்தின் இறப்பு விகிதத்தைக் கணக்கிட உட்காரும்போதுதான் அதன் விளைவு தெரியும்.

இறப்பு விகிதம் ஒரு பின்னம். மேலே இறந்தவர்களின் எண்ணிக்கை, கீழே உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கை. கீழே உள்ள எண் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வருகிறது. அங்கே மக்கள் தங்கள் இனத்தைத் தாங்களே குறிக்கிறார்கள். மேலே உள்ள எண் இறப்புச் சான்றிதழிலிருந்து வருகிறது. அங்கே குறிப்பது பிறர்.

எளிமைக்காக ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். அங்கே 10,000 பூர்வகுடிகளும் 1,00,000 வெள்ளையர்களும் இருக்கிறார்கள். ஒரு வருடத்தில் பூர்வகுடிகளில் 100 பேர், வெள்ளையர்களில் 800 பேர் இறக்கிறார்கள். ஆயிரத்துக்கு 10, ஆயிரத்துக்கு 8 என்பது உண்மை நிலை. இறந்த பூர்வகுடிகளில் 40 பேரைச் சான்றிதழில் வெள்ளையர் என்று எழுதிவிட்டார்கள் என்று வையுங்கள். இப்போது பூர்வகுடிகளின் விகிதம் ஆயிரத்துக்கு 6, வெள்ளையர்களின் விகிதம் 8.4. அதிகமாகச் சாகிற சமூகம் தாளில் அதிக ஆரோக்கியமான சமூகமாகிவிட்டது. அவர்களுக்கு மருத்துவமனை எதற்கு என்று நிதி ஒதுக்குபவர் கேட்டால், கையில் இருக்கும் எண்ணும் அவருக்கே சாதகமாகப் பேசும்.

அந்த 40 என்ற எண் சும்மா எடுத்ததல்ல. அமெரிக்காவின் தேசியச் சுகாதாரப் புள்ளிவிவர மையம், வீட்டுக்கு வீடு நடக்கும் ஆய்வுகளில் மக்கள் உயிரோடு இருந்தபோது தங்களைப் பற்றிச் சொன்ன விடையையும், பின்னர் அவர்களுக்கு எழுதப்பட்ட இறப்புச் சான்றிதழையும் இணைத்துப் பார்க்கிறது. 2016இல் வெளியான அறிக்கையின்படி வெள்ளையர், கறுப்பினத்தவர் விஷயத்தில் இரண்டும் நன்றாகவே ஒத்துப்போகின்றன. ஆசியர், ஹிஸ்பானியர் விஷயத்தில் பிழை 3 சதவீதம் அளவில். பூர்வகுடிகள் விஷயத்தில் அது 40 சதவீதம். பூர்வகுடிகள் செறிந்து வாழும் பகுதிகளில் பிழை குறைவு, அவர்கள் சிதறி வாழும் இடங்களில் அதிகம். ஒதுக்கப்பட்ட நிலப்பகுதியில் இறப்பவரை அங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். பெருநகரத்தில் இறப்பவரின் குடும்பப் பெயரும் தோல் நிறமும் மட்டுமே கண்ணில் படும்.

இந்தப் பிழையால்தான் பூர்வகுடிகளுக்கு அதிகாரபூர்வமான ஆயுள் அட்டவணை நெடுங்காலம் வெளிவரவில்லை. பிழையைத் திருத்திக் கணக்கிட்டபோது 2019இல் அவர்களின் சராசரி ஆயுள் 71.8 ஆண்டுகள் என்று வந்தது. வெள்ளையர்களுக்கு 78.8. கொரோனா தாக்கிய 2021இல் பூர்வகுடிகளின் ஆயுள் 65.2 ஆண்டுகளாகச் சரிந்தது.

பின்னத்தின் கீழ்ப் பகுதியும் அசையாமல் நிற்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1950 வரை அமெரிக்கக் கணக்கெடுப்பில் வீடு தேடி வந்த கணக்கெடுப்பாளரே இனத்தை எழுதினார். 1960இலிருந்து படிவங்கள் தபாலில் போகத் தொடங்கின. மக்கள் தாங்களே நிரப்பினார்கள். 1960இல் சுமார் 5.2 லட்சமாக இருந்த பூர்வகுடிகள் 1980இல் 13 லட்சத்தைத் தாண்டி, 1990இல் 19 லட்சத்தையும் தாண்டினார்கள். பிறப்பையும் இறப்பையும் எப்படிக் கூட்டிக் கழித்தாலும் இந்த வளர்ச்சி வராது. முன்பு வேறு கட்டத்தில் இருந்தவர்கள் இப்போது இந்தக் கட்டத்தில் குறியிட்டார்கள் என்பதே விளக்கம். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையும் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையும் ஆள் ஆளாக இணைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், 16 கோடிப் பேரில் சுமார் 98 லட்சம் பேர் இனம் அல்லது ஹிஸ்பானியப் பூர்விகம் பற்றிய தங்கள் விடையை மாற்றியிருந்தார்கள். ஆக, சுயமாகச் சொல்வதும் கல்வெட்டல்ல.

அதிகாரியின் கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வர்ஜீனியா மாநிலம் ஓர் உதாரணம். வால்டர் பிளெக்கர் என்ற மருத்துவர் அங்கே 1912 முதல் 1946 வரை பிறப்பு, இறப்புப் பதிவாளராக இருந்தார். மாநிலத்தில் கலப்பில்லாத பூர்வகுடி ஒருவரும் மிச்சமில்லை, அப்படிச் சொல்லிக்கொள்பவர்கள் எல்லாம் கறுப்பினத்தவர் என்பது அவருடைய தீர்மானம். 1924இல் வந்த இனத் தூய்மைச் சட்டத்தின் பலத்தில் பூர்வகுடிகளின் சான்றிதழ்களைத் திருத்தினார். சந்தேகத்துக்குரிய குடும்பப் பெயர்கள் என்று ஒரு பட்டியலே தயாரித்து மாவட்ட அலுவலர்களுக்கு அனுப்பினார். பிற்காலத்தில் அந்த இனக்குழுக்கள் மத்திய அரசின் அங்கீகாரம் கேட்டபோது, தொடர்ச்சியாகப் பூர்வகுடிகளாக வாழ்ந்ததற்கு ஆவணம் தேவைப்பட்டது. அந்த ஆவணத்தைத்தான் பிளெக்கர் திருத்தி வைத்திருந்தார். ஆறு குழுக்களுக்கு 2018இல், அதுவும் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் இயற்றித்தான், அங்கீகாரம் கிடைத்தது.

நம்மவர்களும் இந்தக் கணக்கெடுப்பாளர்களின் பேனாவுக்குத் தப்பவில்லை. 1920 முதல் 1940 வரை அமெரிக்கக் கணக்கெடுப்பில் ‘இந்து’ என்பது ஓர் இனம். இந்தியாவிலிருந்து போனவர் சீக்கியராக இருந்தாலும் முஸ்லிமாக இருந்தாலும் அந்த வகைதான். 1970இல் இந்தியர்கள் வெள்ளையர் கணக்கில் சேர்ந்தார்கள். 1980இல்தான் ‘ஆசிய இந்தியர்’ என்ற தனிக் கட்டம் வந்தது. ஒரே மனிதர் ஊரை விட்டு அசையாமல் மூன்று இனங்களாக வாழ்ந்திருக்க முடியும்.

பிளெக்கரைப் போல உள்நோக்கம் இருந்தால் புரிந்துகொள்வது சுலபம். எந்த உள்நோக்கமும் இல்லாதவர்களின் கண் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் சுவாரசியம். அமெரிக்க இளைஞர்கள் 12,686 பேரை 1979இலிருந்து தொடர்ந்து பின்பற்றி வரும் ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. வேலை, படிப்பு, திருமணம், வருமானம் என்று எல்லாவற்றையும் குறிப்பிட்ட இடைவெளியில் கேட்பார்கள். 1998 வரை பெரும்பாலான சுற்றுகளில், பேட்டி முடிந்ததும் பேட்டி எடுத்தவர் தம் தாளில் ஒரு குறிப்பும் எழுதினார்: இவர் வெள்ளையரா, கறுப்பினத்தவரா, மற்றவரா? பேட்டி கொடுத்தவரிடம் கேட்காமல், தாமே முடிவு செய்து எழுத வேண்டும்.

இந்தக் குறிப்புகளை ஆலியா சாப்பர்ஸ்டீன், ஆண்ட்ரூ பென்னர் என்ற இரு சமூகவியலாளர்கள் வரிசையாக அடுக்கிப் பார்த்தார்கள். ஐந்தில் ஒருவருக்கு ஏதாவது ஒரு சுற்றிலாவது குறிப்பு மாறியிருந்தது. மாற்றம் தாறுமாறாக நிகழவில்லை என்பதுதான் அவர்களின் வாதம். சிறைக்குப் போனவர், வேலை இழந்தவர், வறுமையில் விழுந்தவர் ஆகியோரை அடுத்த சுற்றில் வெள்ளையர் என்று எழுதும் வாய்ப்பு குறைந்தது. கறுப்பினத்தவர் என்று எழுதும் வாய்ப்பு கூடியது. பேட்டி எடுப்பவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. ஒரு மணி நேரமாகக் கேட்ட கதையையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்.

இதே இருவரும் ஆண்ட்ரூ நோய்மர் என்பவரோடு சேர்ந்து இறப்புச் சான்றிதழ்களையும் ஆராய்ந்தார்கள். 1993இல் இறந்தவர்களின் நெருங்கிய உறவினர்களிடம் அரசு தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்தியிருந்தது. உறவினர் சொன்ன இனத்தையும் சான்றிதழில் உள்ள இனத்தையும் ஒப்பிட்டபோது, கல்லீரல் இழைநார் நோயால் இறந்தவரைப் பூர்வகுடி என்றும், கொலையுண்டவரைக் கறுப்பினத்தவர் என்றும் எழுதும் சாய்வு தெரிந்தது. குடி என்றால் பூர்வகுடி, கொலை என்றால் கறுப்பர் என்ற பொதுப்புத்தி சான்றிதழுக்குள் புகுந்து, பிறகு புள்ளிவிவரமாக வெளியே வந்து, அதே பொதுப்புத்திக்குச் சாட்சியும் சொல்கிறது.

முதல் ஆய்வுக்கு மறுப்பும் எழுந்தது. மாற்றங்களில் பெரும்பகுதி ஹிஸ்பானியர்களிடமும் பூர்வகுடிகளிடமும் குவிந்திருக்கிறது, மூன்றே கட்டங்கள் உள்ள படிவத்தில் அவர்களை எங்கே போடுவது என்று தெரியாமல் கேள்வியாளர்கள் தடுமாறியிருக்கலாம், சில மாற்றங்கள் வெறும் கைத்தவறாக இருக்கலாம் என்று ரிச்சர்ட் ஆல்பா உள்ளிட்ட சிலர் எழுதினார்கள். இது நியாயமான மறுப்பு. தங்களைக் கறுப்பினத்தவர் என்று சொல்லிக்கொள்பவர்களையும், கலப்பில்லாத வெள்ளையர்களையும் கேள்வியாளர்கள் பெரும்பாலும் அப்படியே எழுதியிருக்கிறார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு வேலை வருவது எல்லையில் நிற்பவர்களிடம்தான். ஆனால் பூர்வகுடிகளில் எல்லையில் நிற்பவர்களே அதிகம். அவர்களைப் பொறுத்தவரை மறுப்பாளர்கள் சொல்வதும் ஆய்வாளர்கள் சொல்வதும் ஒரே இடத்தில்தான் வந்து முடிகின்றன.

மருத்துவமனையில் இந்தக் கட்டம் நிரம்புவது சேர்க்கைப் பிரிவில். வரிசையில் நோயாளிகள், எதிரே கணினி. பெயர், முகவரி, காப்பீட்டு எண் கேட்டு முடித்ததும் திரையில் இனம் என்ற கட்டம் நிற்கிறது. கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கத்தில் ஊழியர் நிமிர்ந்து ஒரு முறை பார்த்துவிட்டு ஏதோ ஒன்றைத் தேர்வு செய்வது பல மருத்துவமனைகளில் நெடுநாள் வழக்கமாக இருந்தது. ஒரு முறை உள்ளே போன விடை அடுத்தடுத்த வருகைகளிலும் தானாகத் தொடர்ந்து வரும். மயக்க நிலையில் கொண்டுவரப்படுபவரிடம் கேட்கவும் வழியில்லை.

அந்தக் கட்டம் கணக்குப் பார்க்க மட்டும் பயன்படவில்லை, சிகிச்சையையும் தீர்மானித்தது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் அளவு, வயது, பாலினம் ஆகியவற்றை ஒரு சூத்திரத்தில் போட்டு மதிப்பிடுவார்கள். 2000இல் வந்த புகழ்பெற்ற சூத்திரத்தில் நான்காவதாக ஒன்றும் இருந்தது. நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.21ஆல் பெருக்க வேண்டும். அந்தச் சூத்திரம் உருவான ஆய்வில் கலந்துகொண்டவர்களின் இனத்தை முடிவு செய்தது யார்? ஆய்வுக் குழுவின் ஊழியர்கள். திட்டவட்டமான அளவுகோல் எதுவும் இல்லாமல், அநேகமாகத் தோல் நிறத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள் என்று கட்டுரையை எழுதியவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள்.

இதன் பொருளை ஒரு நோயாளியை வைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புப் பட்டியலில் நாட்கள் சேரத் தொடங்க, இந்த மதிப்பீடு 20 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும்; அல்லது டயாலிசிஸ் தொடங்கியிருக்க வேண்டும். ஒருவருக்குச் சூத்திரம் 18 என்று சொல்கிறது. சேர்க்கைப் பிரிவில் அவரை வெள்ளையர் என்று பதிந்திருந்தால் இன்றே அவருடைய காத்திருப்பு தொடங்கும். கறுப்பினத்தவர் என்று பதிந்திருந்தால் 18 ஏறத்தாழ 22 ஆகிவிடும். இன்னும் மோசமாகும் வரை அவர் பொறுக்க வேண்டும். கலப்பின நோயாளியின் விஷயத்தில் எந்த எண் பொருந்தும் என்பது யார் அவரைப் பார்த்தார் என்பதைப் பொறுத்தது. சிறுநீரக மருத்துவச் சங்கங்கள் 2021இல் இந்தப் பெருக்கலைக் கைவிடச் சொன்னார்கள். 2023 ஜனவரியில், இதனால் காத்திருப்பு தாமதமான கறுப்பின நோயாளிகளுக்கு இழந்த நாட்களைத் திருப்பித் தரும்படி மருத்துவமனைகளுக்கு உத்தரவு வந்தது. யாருக்குத் திருப்பித் தருவது என்று தேட மருத்துவமனைகள் மறுபடியும் திறந்தது அதே இனக் கட்டத்தைத்தான்.

அப்படியானால் சுயமாகச் சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டு, பார்ப்பவரின் பதிவைத் தூக்கி எறிந்துவிடலாமே? அமெரிக்க அரசின் 1997ஆம் ஆண்டு விதிமுறை சுய அடையாளத்தையே விரும்பத்தக்க வழி என்றது. கேட்க இயலாத இடங்களில் மட்டும் பிறர் குறிப்பதை அனுமதித்தது. ஆனால் கமாரா ஜோன்ஸ் என்ற பொதுச் சுகாதார மருத்துவர் வேறொரு கேள்வியை எழுப்பினார். ஒருவர் தன்னைப் பூர்வகுடி என்று உணரலாம். கடைக்காரரும் போலீஸ்காரரும் மருத்துவரும் அவரை நடத்துவது தங்கள் கண்ணுக்குத் தெரிவதை வைத்துத்தானே? பாகுபாட்டை அளக்க வேண்டுமென்றால் அந்தக் கண்ணையும் அளக்க வேண்டும்.

அதற்காகச் சில மாநிலங்களின் தொலைபேசி ஆய்வில் ஒரு கேள்வி சேர்க்கப்பட்டது: இந்த நாட்டில் மற்றவர்கள் வழக்கமாக உங்களை எந்த இனத்தவராகக் கருதுகிறார்கள்? தங்களைப் பூர்வகுடி என்று சொன்னவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர், மற்றவர்கள் தங்களை வெள்ளையராகக் கருதுவதாகச் சொன்னார்கள். ஹிஸ்பானியர்களில் கால்பங்குக்குச் சற்று அதிகமானவர்கள் அப்படிச் சொன்னார்கள். பிறர் கண்ணுக்கு வெள்ளையராகத் தெரிந்தவர்கள், அதே சமூகத்தில் அப்படித் தெரியாதவர்களைவிடத் தங்கள் உடல்நலம் நன்றாக இருப்பதாகக் கூறியதும் பதிவானது. இந்த ஆய்வில் இரண்டு விடைகளும் ஒரே நபரிடமிருந்து, தனித்தனிக் கேள்விகளுக்கு வந்தன. சான்றிதழ்களில் நேர்ந்த கோளாறு, இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டு ஒரே பொருள் என்று நினைத்துக்கொண்டதில்தான்.

மருத்துவமனைகளில் திருத்தம் மெதுவாக நடக்கிறது. அமெரிக்க மருத்துவமனைச் சங்கத்தைச் சார்ந்த ஓர் ஆராய்ச்சி அறக்கட்டளை, சேர்க்கைப் பிரிவு ஊழியர்களுக்காக ஒரு வழிகாட்டியைத் தயாரித்தது. எதற்காகக் கேட்கிறோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும், பிறகு கேட்க வேண்டும், நோயாளி சொல்வதை எழுத வேண்டும், சொல்ல விரும்பவில்லை என்றால் அதையே எழுத வேண்டும், எக்காரணம் கொண்டும் பார்த்து யூகிக்கக் கூடாது. சொல்ல மறுத்தவரின் கட்டம் காலியாகவே இருக்கட்டும் என்பது முக்கியம். காலிக் கட்டத்தை ஆய்வாளரால் அடையாளம் காண முடியும். யூகித்து எழுதிய விடை உண்மையான விடையைப் போலவே இருக்கும்.

இறந்தவர்களின் விஷயத்தில் மருந்து வேறு. பூர்வகுடிகளுக்கு மத்திய அரசு நடத்தும் இந்தியச் சுகாதாரச் சேவை என்ற மருத்துவ அமைப்பு இருக்கிறது. அதில் பதிந்துள்ளவர்களின் பட்டியலை இறப்புப் பதிவோடும், மாநிலங்களின் புற்றுநோய்ப் பதிவேடுகளோடும் பெயர், பிறந்த தேதி வைத்து இணைக்கிறார்கள். வெள்ளையர் என்று எழுதப்பட்டவர் இந்தப் பட்டியலில் இருந்தால் பூர்வகுடிக் கணக்குக்கு மாற்றப்படுகிறார். வடமேற்கு மாநிலங்களில் இப்படிச் செய்து பார்த்தபோது பூர்வகுடிகளின் புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு எண்ணிக்கைகள் கணிசமாக ஏறின. நோய் புதிதாக வரவில்லை. வேறு கணக்கில் கிடந்தது வெளியே வந்தது.

இந்த இணைப்பிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அந்தச் சேவையில் பதிய, பெரும்பாலும் மத்திய அரசு அங்கீகரித்த குழுவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். மாநிலம் மட்டும் அங்கீகரித்த குழுவினரும், தலைமுறைகளாக நகரத்தில் வாழ்ந்து அந்த மருத்துவமனைகளின் பக்கமே போகாதவர்களும் பட்டியலில் இல்லை. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தங்களைத் தனியாகவோ வேறு இனத்தோடு சேர்த்தோ பூர்வகுடி என்று குறித்தவர்கள் சுமார் 97 லட்சம் பேர். பத்தாண்டுகளுக்கு முன் அது 52 லட்சம். பின்னத்தின் கீழே எண் இப்படி ஏறிக்கொண்டே போக, மேலே எழுதப்படும் எண் இன்னும் இறுதிச்சடங்கு நிலையத்திலிருந்துதான் வருகிறது. அங்கே உட்கார்ந்திருப்பவருக்குப் பல மாநிலங்களின் சுகாதாரத் துறைகள் இப்போது தரும் அறிவுரை ஒன்றே ஒன்று: முகத்தைப் பார்த்து எழுதாதீர்கள், வீட்டாரைக் கேளுங்கள்.